ஆஃப் நாள் மாத்திரையும் மருந்துக்கடைக்கு நான் போட்ட நட்சத்திரமும்

எங்கள் பிளாக் வாட்ஸப் குழுவில் எனக்கு விமர்சகர் என்று ஒரு பதவி உண்டு. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. புதிதாக பேக்கரி திறந்தால் பஃப்ஸ் எப்படி இருக்கிறது என்று எழுதுவேன். சலூன் திறந்தால் முதலில் போய்த் தலையைக் கொடுப்பேன். என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் அந்த விமர்சனத்தை மட்டும் யாரும் நம்பவில்லை.

போன வருஷம் குழுவில் ஒருவர் கேட்டார்: "கம்பெனி ஆஸ்பத்திரி இல்லாம, வெளி டாக்டர் சீட்டுக்கு மருந்து வாங்க நம்பகமான கடை எது? வீட்டுக்குக் கொண்டுவந்து தருவாங்களா?" ஐந்தாறு பேர் என் பெயரைப் போட்டு, "விமர்சகரைக் கேளுங்க" என்றார்கள். எனக்கும் சொல்ல விஷயம் இருந்தது. என் மனைவிக்கு மூன்று மாதமாக அந்த ஒரு கடையில்தான் மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் முட்டியெல்லாம் வீங்கி மடங்காமல் நிற்கும். குவார்ட்டர்ஸ் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் துணிகள் மூட்டையாகவே கிடந்தன. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "பரவால்லக்கா, உடம்பப் பாருங்க" என்று சொல்லித் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அந்தப் 'பரவால்லக்கா' விரல் வலியைவிட அவளுக்கு அதிகமாக வலித்தது. பாண்டிச்சேரி டாக்டர் மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரே தடவை. பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் பொறுமை அவளிடம்தான் இருந்தது, அவளுக்கே கை வலி வந்துவிட்டது.

கடையை ஒரு பெண் நடத்துகிறார். பார்மசி படித்தவர், நாற்பது வயதிருக்கும், வெள்ளைக் கோட்டும் காதோரம் பேனாவுமாக நிற்பார். முதல் நாள் சீட்டைப் பார்த்ததும், "சார், இது இப்ப இருப்பு இல்ல. நாளைக்குச் சாயந்தரம் வந்துடும். அதுவரைக்கும் வேற கடையில இருந்தா வாங்கிக்குங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றார். இல்லாததை இல்லையென்று சொன்ன கடையைப் பார்த்து எனக்குச் சந்தேகமே வந்தது. மறுநாள் சாயந்தரம் நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். அதே மருந்து வேறு கம்பெனியில் விலை குறைவாக வருகிறது, டாக்டர் சரியென்றால் அதையே தரலாம் என்றார். டாக்டரைக் கேட்டோம், சரியென்றார். பில்லில் எம்.ஆர்.பி., கழிவு, கட்ட வேண்டியது எல்லாம் தனித்தனியாக இருந்தன. நான் கண்ணாடி போட்டு, போடாமல், தள்ளி வைத்து என்று மூன்று விதமாகப் பார்த்தும் குறை கிடைக்கவில்லை.

மாத்திரையை எப்படிப் போடுவது என்று நன்றாகவே விளக்கினார். "வாரத்துக்கு ஒண்ணு. தினம் போடவே கூடாது சார், அது ஆபத்து. கூடக் கொடுத்திருக்கிற ஃபோலிக் ஆசிட் இன்னொரு நாள், ரெண்டையும் ஒரே நாள்ல வேணாம். வாயில புண்ணு, காய்ச்சல், எது வந்தாலும் உடனே சொல்லணும். உங்க லீவு நாள்ல கொடுத்துடுங்க, மறக்காது." அதையே சுருக்கி உறைமேலும் எழுதிக் கொடுத்தார்: 'வாரம் ஒரு முறை, லீவு நாளில்'.

நல்ல யோசனைதான். ஊரில் எல்லாருக்கும் லீவு என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் நான் சுரங்கத்தில் ஷிப்ட் ஆள். எங்கள் வார லீவு, அதாவது ஆஃப், ஒரு கிழமையில் நிற்பதில்லை. ஷிப்ட் மாறும்போது அதுவும் கூடவே நகர்ந்துகொண்டே போகும். அது போதாதென்று நாங்களே ஒருவருக்கொருவர் டியூட்டியை மாற்றிக்கொள்வோம். ஞாயிறு லீவு என்று எவராவது சொன்னால், "யாருக்கு?" என்று கேட்கிற ஊர் இது.

அவள் விரலால் மாத்திரையை அழுத்தி எடுக்க முடியாது என்பதால் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. பேரே வைத்துவிட்டோம், 'ஆஃப் மாத்திரை' என்று. ஆஃப் அன்று லுங்கியைக் கட்டியதும் முதல் வேலை அதுதான். ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் அந்த மஞ்சள் மாத்திரை, "எடுத்துக்கம்மா" என்பேன். நர்ஸ் வேலைக்குப் போயிருந்தால் இந்நேரம் மேலே வந்திருப்பேன் என்று அவளிடமே பெருமை அடித்திருக்கிறேன்.

இரண்டு மாதம் எப்படியோ ஓடியது. மூன்றாவது மாதம் ஒரு வியாழன் எனக்கு ஆஃப். கொடுத்தேன். முன்பு ஒருவர் மகனுக்குக் காது குத்து என்று அவர் டியூட்டியை நான் பார்த்திருந்தேன். அந்தக் கடனை அவர் சனிக்கிழமை அடைத்தார், என் டியூட்டியை அவர் பார்த்தார். நான் வீட்டில் லுங்கியோடு இருந்தேன். கொடுத்தேன். அதற்குள் ஷிப்ட் மாறி, செவ்வாய் ஆஃப். அன்றும் கொடுத்தேன். அவளும், "அதுக்குள்ள ஆஃப் வந்துடுச்சா?" என்று கேட்டாள். "உன் புருஷனுக்கு நல்ல காலம்" என்றேன். என் நகைச்சுவைகளில் இதைவிட மோசமானது இனி வர வாய்ப்பில்லை.

குழுவில் அந்தக் கேள்வி வந்தது இதற்கு மூன்று நாள் கழித்து. நான் உற்சாகமாக எழுத உட்கார்ந்தேன். இருப்பு, விலை, விளக்கம், டெலிவரி என்று நான்கு தலைப்பு, எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். டெலிவரிக்கு வருகிறவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். "வந்துகினே இருக்கேன் சார்" என்பார், சொன்னபடி வந்தும் விடுவார். ஒருமுறை நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னேன். "இந்த மாத்திரைய வூட்டு ஆளு கையிலதான் குடுக்கணும்னு அம்மா சொல்லிகிறாங்க" என்று திருப்பி எடுத்துப்போய், சாயந்தரம் மறுபடி வந்தார். அதற்காகக் கூடுதலாக ஒரு நட்சத்திரம் இருந்தால் போட்டிருப்பேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்து, "ஏங்க, வாயெல்லாம் ஒரே எரிச்சலா இருக்கு. சோறு எறங்கல" என்றாள். பார்த்தால் உதட்டு உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புண். சூடுதான் என்று முடிவு செய்தேன். வேலை சுரங்கத்தில், வீடு அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில், எங்களுக்கு எது வந்தாலும் சூடுதான். கடைக்குப் போன் போட்டு, வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல் அனுப்பச் சொன்னேன்.

"யாருக்கு சார்?"

"வீட்டுல."

"வாரத்து மாத்திரை கடைசியா எப்ப போட்டாங்க?"

"போன ஆஃப் அன்னைக்கு மேடம்."

"ஆஃப்னா என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அதுக்கு முன்னாடி?"

நான் விரலை மடக்கினேன். "சனி" என்றேன். அப்புறம், "வியாழன்" என்றேன். அவர் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சார், ஜெல் அனுப்ப மாட்டேன். அந்த மாத்திரைய இனிமே தொடாதீங்க, ஃபோலிக் ஆசிட் பத்தியும் டாக்டரையே கேளுங்க. இப்பவே அவருக்குப் போன் பண்ணி இந்த மூணு கிழமையையும் அப்படியே சொல்லுங்க. இன்னைக்கே ரத்தம் எடுக்கச் சொல்வாங்க. வலி மாத்திரை எதுவும் நீங்களா கொடுக்காதீங்க."

டாக்டர் அப்படியே சொன்னார். அன்றைக்கே ரத்தம் எடுத்தோம். பரிசோதனை முடிவு வரும்வரை நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அவள்தான், "உக்காருங்க, டைல்ஸ் தேயுது" என்றாள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு வேறு மருந்து எழுதி, காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து, அப்புறம்தான் மாத்திரை என்றார். புண் ஆறியது. மாத்திரை நின்றதால் விரல் மறுபடி வீங்கத் தொடங்கியது. மூட்டையில் மிச்சமிருந்த துணியை அவள் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்றே புண் மருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு டெலிவரிக்காரர் வரவில்லை, கடைக்காரப் பெண்ணே ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் நின்றபடியே என் மனைவியிடம் சொன்னார். "தப்பு எம்மேலயும் இருக்குங்க மேடம். லீவு நாள்னு நாந்தான எழுதினேன். ஞாயித்துக்கிழமைன்னு நெனச்சேன். இந்த ஊர்ல கடை வெச்சிட்டு ஷிப்ட யோசிக்கல."

"நீங்க எழுதினீங்க, இவரு வாரத்துல மூணு ஞாயித்துக்கிழமை கொண்டாடினாரு" என்றாள் என் மனைவி. வாய்ப்புண்ணோடு அவள் சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் போன பிறகு என் ஐந்து நட்சத்திர விமர்சனத்தைப் படித்துக் காட்டினேன். விளக்கம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இதுக்கும் அஞ்சா?"

"பாவம், அந்தம்மாதான காப்பாத்தினாங்க. குறைச்சுப் போட்டா கடைக்கு ஆள் போகாது."

"காப்பாத்தினதையும் எழுதுங்க, சறுக்கினதையும் எழுதுங்க. நட்சத்திரத்தப் பாத்துட்டு ஒருத்தி வந்து அதே மாதிரி 'லீவு நாள்'ன்னு வாங்கிட்டுப் போவா. இங்க பாதி வூட்டுல ஆஃபுதான் கெழமை."

விளக்கத்துக்கு மூன்று போட்டேன். அதன் கீழே எழுதியது இது: 'மருந்தை நன்றாக விளக்குகிறார்கள். ஆனால் வார மாத்திரைக்கு லீவு நாள் என்று சொன்னார்கள், நான் ஷிப்ட் ஆள் என்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆறு நாளில் மூன்று மாத்திரை கொடுத்துவிட்டேன். வாய்ப்புண் என்று ஜெல் கேட்டபோது, விற்காமல் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. ஷிப்ட் வீடுகள் கிழமையின் பெயரை எழுதி வாங்குங்கள். இருப்பு, விலை, டெலிவரிக்கு ஐந்து.' போடுவதற்கு முன் கடைக்காரப் பெண்ணுக்கு அனுப்பினேன். "மூணு சரிதான் சார், போடுங்க" என்று பதில் வந்தது.

குழுவில் முதலில் கேலிதான். "வாரத்துல மூணு ஆஃபா? எந்த செக்‌ஷன்ப்பா, நானும் மாத்திக்கிறேன்" என்றார் ஒருவர். பிறகு, அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். அவர் கணவருக்கு வாரம் ஒரு தடவை வைட்டமின் மாத்திரையாம், ஆஃப் அன்றுதான் கொடுக்கிறாராம். அது இவ்வளவு ஆபத்தில்லை என்று எனக்குத் தெரிந்தாலும், ஒன்றும் சொல்லாமல் கடை நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். மருத்துவம் பேசுவதை நான் அந்த வாரத்தோடு விட்டிருந்தேன்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னார். கடையிலிருந்து வந்த உறைமேல் 'திங்கட்கிழமை மட்டும்' என்று பெரிதாக எழுதியிருந்தது, கீழே என் மனைவியின் கையெழுத்தையும் கேட்டு வாங்கிவிட்டுப் போனார் டெலிவரிக்காரர். என்னைக் கேட்கவில்லை.

இப்போது அவளால் காலையில் விரலை மடக்க முடிகிறது, முழுதாக இல்லை. வாரத்துக்கு இரண்டு ஜாக்கெட் தைக்கிறாள். போன திங்கள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"போட்டாச்சு. போய்த் தூங்குங்க" என்றாள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.