பத்து வீதத்துக்கு மேல் இல்லை

மலையகத்தில், அம்பிட்டிய வீதியிலிருந்த எங்கள் தொடர்மாடியில் சில வருடங்கள் நிர்வாகக் குழுச் செயலாளராக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நான் ரீச்சர். ஒப்பந்தம் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன்.

நான் பொறுப்பேற்க முதலே காவல் வேலைக்கு ஒரு கம்பனியோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை நுகர்வோர் விலைச் சுட்டெண் எவ்வளவு கூடுகிறதோ அதே வீதத்தில் கட்டணமும் கூடும். ஆனால் பத்து வீதத்துக்கு மேல் இல்லை. அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தினால், அந்த உயர்வு இந்தப் பத்து வீத உச்சவரம்புக்கு வெளியே தனியாகச் சேர வேண்டும் என்று இன்னொரு வரியையும் கம்பனி கேட்டிருக்கிறது. எங்கள் தலைவர் அதை வெட்டிவிட்டார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்து மனிதர். அந்த வெட்டைப் பற்றி லிஃப்டில் போகிறவர்களிடமும் பெருமையடிப்பார்.

வடக்கில் சண்டை மூண்டது. அரிசியும் பாணும் மண்ணெண்ணெயும் ஏறின. சுட்டெண் எங்கள் பத்து வீதத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. குறைந்தபட்சச் சம்பளமும் உயர்ந்தது. கம்பனிக்காரர் வந்து, உச்சவரம்பைத் திருத்தி ஒரு பிற்சேர்க்கையில் கையெழுத்துப் போடும்படி கேட்டார்.

"ஒப்பந்தம் எண்டால் ஒப்பந்தம்தான். மூண்டு வருசத்துக்கு விலை பேசினவை அவையள்தானே?" என்றார் தலைவர்.

கம்பனி ஒப்பந்தத்தை மீறவில்லை. எத்தனை காவலாளிகள் என்றுதான் அதில் எழுதியிருந்தது, யார் யார் என்று எழுதியிருக்கவில்லை. கூடிய சம்பளம் வாங்கும் பழைய ஆட்களைக் கொழும்பில் புதிய விலைக்கு ஒப்பந்தமான இடங்களுக்கு மாற்றிவிட்டு, எங்களுக்குப் புதியவர்களை அனுப்பத் தொடங்கியது.

மாறப்போகிறவர்களில் எங்கள் வாசல் கேற்றில் நின்றவரும் ஒருவர். தெல்தெனியப் பக்கத்து மலையகத் தமிழர். இராணுவமோ பொலிசோ சோதனைக்கு வந்தால் அவர்களோடு சிங்களத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே, எங்கள் வீடுகளுக்கு மணியடித்து அடையாள அட்டையை எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார். அந்தத் தொடர்மாடியில் தமிழ்க் குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கியது அவரை நம்பித்தான். தலைவர் குடும்பமும் அதில் அடக்கம்.

அவர் என் வாசலுக்கு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, கொழும்புக்கு மட்டும் வேணாம்னு சொல்லுங்க. அங்க தமிழ் ஆளுன்னா ரூமுலயே வந்து புடிக்கிறாங்க. போகாட்டி வேல இல்லேங்கிறாங்க. வீட்டுல புள்ளத்தாச்சி."

விசேட பொதுக்கூட்டம் கூட்டினேன். கம்பனி முதலில் கேட்ட அதே வரியைப் பிற்சேர்க்கையாக எழுதி வைத்தேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கை தூக்கினார்கள். ஆனால் வெளிநாட்டில் இருந்த வீட்டுக்காரர்களின் பதிலாள் வாக்குகளெல்லாம் தலைவரின் கையில். கனடாவிலும் லண்டனிலும் இருந்து போருக்காக அழுதுகொண்டிருந்த எங்கள் சனம், எங்கள் கேற்றில் நின்ற தமிழனுக்காக மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சம்மதிக்கவில்லை. தீர்மானம் தோற்றது. கூட்டம் முடிந்து தேநீர் குடித்தார்கள்.

போகிற அன்று கேற்றுச் சாவியைப் புதியவரிடம் கொடுத்து, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். நான் மேலே நின்று பார்த்தேன். கீழே இறங்கிப் போய் முகம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொழும்பில் காவலாளிகள் தங்கிய அறையில் ஒரு விடியற்காலை தேடுதல் நடந்தது. விசாரணைக்கென்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். கம்பனியும் தேடியது. நானும் தெரிந்த இடமெல்லாம் தொலைபேசி எடுத்துக் கெஞ்சினேன். ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

அடுத்த ஒப்பந்தத்தை எழுதும்போது தலைவரே தான் முன்பு வெட்டிய வரியைச் சேர்த்தார். அதற்கிடையில் புதியவர்கள் ஒருவர் மாறி ஒருவர் வந்து போனதில் இரண்டு வீடுகளில் களவு போயிருந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. எனக்கு அந்தக் கூட்ட மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது.

கையெழுத்தான செய்தி எப்படியோ தெல்தெனியவுக்கும் போயிருக்கிறது. அவருடைய மனைவி கைக்குழந்தையோடு வந்து என் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். அதைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சரம்மா, இப்ப சம்பளம் கூட்டித் தர ஒத்துக்கிட்டீங்களாமே. அப்ப அவர திரும்ப இங்கயே போடுவாங்களா?"