அவசரத்துக்கு ஒரு நம்பர்

மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர வந்தவளிடம் மூன்று தாள்களை நீட்டினார் பர்சனல் கிளார்க். பேனாவைக் கொடுத்துவிட்டு மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் ரகம் அவர். மூடியில்லாத பேனாவை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

முதல் தாள் வங்கி விவரம். அதில் சிக்கலில்லை. தன் பேரில் இருந்த கணக்கின் எண்ணை எழுதி, குறுக்கே 'கேன்சல்' என்று எழுதிய காசோலையைச் சேர்த்துப் பின் குத்திக் கொடுத்தாள். பாஸ்புக்கில் இருக்கிற மாதிரியே பேர் இருக்கிறதா என்று அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது பி.எஃப். நாமினேஷன்.

"பழைய கம்பெனியில யாரைப் போட்டிருந்தீங்க?"

"வீட்டுக்காரரை. அவர் போய் எட்டு மாசமாச்சு."

சொல்லும்போது குரலில் ஒன்றுமில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எட்டு மாதமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் மரத்துக் கிடந்தது. அழவில்லை என்று அக்கம்பக்கத்தார் வாய்க்கு அவல் கிடைத்ததுதான் மிச்சம்.

"அப்போ புதுசா மகளுக்கே நூறு சதவீதம் போடுங்க. மைனர்னா கார்டியன் பேரும் முகவரியும் வேணும். அதைக் காலியா விடக்கூடாது."

மகளுக்குப் பதினோரு வயது. பள்ளி விட்டதும் அவள் போவது அத்தை வீட்டுக்கு, அதாவது இவளுடைய நாத்தனார் வீட்டுக்கு. சாவு வீட்டிலிருந்து இன்றுவரை இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேண்டியதையெல்லாம் பிள்ளைதான் தபால்காரி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. யோசிக்க ஒன்றுமில்லாததால் நாத்தனார் பேரையே எழுதி, "வீட்டுக்காரரோட அக்கா" என்றாள்.

மூன்றாவது தாளில் 'அவசரத் தொடர்பு' என்று இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது.

அவள் புருஷன் வேலை பார்த்த கிடங்கில் அந்தக் கட்டத்தில் இவள் நம்பர் இருந்தது. அவனுக்கு நெஞ்சு வலித்தபோது சரியாகத்தான் கூப்பிட்டார்கள். அப்போது இவள் இருந்த பழைய கம்பெனியிலும் இதே பேக்கிங் வேலைதான்; மருந்து கட்டுகிற இடத்தில் செல்போன் ஆகாது. வாசல் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லாக்கருக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது. ஷிப்ட் முடிந்து இவள் ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் கேட்டது ஒன்றே ஒன்று: "போனை எடுக்கக்கூட உனக்கு நேரமில்லையா?"

"இதுக்கு யாரும் இல்லைங்க" என்றாள் கிளார்க்கிடம்.

"கார்டியன்னு ஒருத்தரை எழுதியிருக்கீங்களே. அவங்களையே போடுங்க."

நம்பரை எழுதினாள். அவர் உடனே மேஜை போனை இழுத்தார். எழுதின கையோடு கூப்பிட்டுப் பார்க்காமல் அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒருமுறை படியில் விழுந்தவனுக்காகக் கூப்பிட்டபோது யாரோ பழக்கடைக்காரர் எடுத்தாராம். வேண்டாம் என்று சொல்ல இவள் வாயெடுப்பதற்குள் ஸ்பீக்கரில் மணி போனது.

எடுத்தால் அந்தம்மாள் என்ன சொல்வாள்? எனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பிள்ளைக்கு எழுதின கார்டியனும் அதோடு போச்சு.

"அம்மா, மாத்திரைக் கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்க தம்பி சம்சாரம் விஷயமா…"

"ஐயோ, என்ன ஆச்சு அவளுக்கு? எந்த ஆஸ்பத்திரி?" சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. "கெளம்பிட்டேன். பக்கத்துல யாராவது இருங்க, அவளைத் தனியா விட்டுடாதீங்க."

கிளார்க் பதறிப்போய், நம்பர் சரிதானா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன், அவர் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று இரண்டு தடவை விளக்கினார். மறுபக்கம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அங்கயும் போனை வாங்கி வச்சுப்பாங்களா? பழைய கம்பெனியில அப்படித்தான்னு பிள்ளை சொல்லுச்சு."

"ஆமாம்மா, ரூல் அதுதான்."

"அப்போ உங்க ஆபீஸ் நம்பரைக் குடுங்க. உள்ள இருக்கிறவளைக் கூப்பிட்டு விடற நம்பரா இருக்கணும்."

கிளார்க் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டையை இவள் பக்கம் திருப்பினார். இவள் குனிந்தாள்.

"அண்ணி, எழுதிக்குங்க" என்றாள்.

மறுபக்கம் கதவு மறுபடி திறந்து, பேனா தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லு" என்றாள் நாத்தனார். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். கடைசி எண்ணுக்குப் பிறகு, "அன்னிக்கு நாம யாரும் இப்படி ஒரு நம்பரை வாங்கி வச்சுக்கலை பாரு" என்றாள்.

'நாம' என்ற சொல் இவள் காதில் விழுந்தது. எட்டு மாதத்தில் முதன்முறையாக எங்கோ வலித்தது.

போனை வைத்ததும், 'உறவு' என்ற கட்டம் காலியாக இருப்பதைக் கிளார்க் காட்டினார். அவள் 'அண்ணி' என்று எழுதினாள். 'கணவரின் சகோதரி' என்றுதான் எழுத வேண்டும் என்றார் அவர். 'அண்ணி'யை அடிக்காமல், பக்கத்தில் அதையும் எழுதிக் கொடுத்தாள்.