அவன் வைத்த நாலு-ரெண்டு-ஜீரோ

மும்பை மாட்டுங்காவில் ஒரே கடையில், ஒரே மேஜையில் டிவி பொருத்தும் தொழில் கற்றவர்கள் நானும் அவனும். இன்று அவனுக்குச் சொந்தக் கடை, கண்ணாடிக் கதவு, ஏசி. எனக்கு ஸ்கூட்டரும் தோள்பையும். அவன் பெயரை யாராவது சிரித்த முகத்தோடு சொன்னாலே எனக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். ஒளிப்பானேன், பொறாமைதான்.

செம்பூரில் ஒரு வீட்டில் டிவி ஸ்டாண்டின் மூட்டு கழன்றது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஐரோலியில் ஐடி வேலை. வேலையை முடித்துப் பையைத் தூக்கியபோது, "அண்ணா, எங்க ஆபீஸ்ல ஆறு ஸ்கிரீன் வச்சு கேம் ரூம் போடறோம். ஆளைச் சொல்லச் சொல்லி என்கிட்டதான் கேட்டிருக்கா" என்றாள். ஆறு ஸ்கிரீன்! பையைக் கீழே வைத்தேன்.

"இந்த டிவி, கேம் எல்லாம் யாரு மேடம் போட்டுக் குடுத்தது?" என்றேன். அவன் பெயரைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கேம் கன்சோலின் வீடியோ செட்டிங்கைத் திறந்தேன். 4:2:0, பத்து பிட். எனக்கு ஜிலேபி சாப்பிட்டதுபோல் இருந்தது.

"ஐயையோ மேடம், கொறச்சு வச்சு ஏமாத்திட்டுப் போயிட்டான். நாலு புள்ளிக்குச் சேத்து ஒரே கலர்தான் அனுப்புது. இவ்ளோ பெரிய டிவி வாங்கினது இதுக்கா? 4:4:4 வச்சாத்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிக் கலர்."

அவள் முகம் சுருங்கியது. "அப்படியா? அவர் சொல்லவே இல்லியே."

"எப்படிச் சொல்வான்?" என்று 4:4:4 தட்டினேன். நொடிக்கு அறுபது படம், 4K. எங்கள் தொழிலில் பெரிய எண்ணைக் காட்டினால் வாடிக்கையாளர் மயங்கிவிடுவார். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

அவள் விளையாட்டைப் போட்டாள். கடல்மேல் மாலை வானம். ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு வழுக்கிப் போகவேண்டிய நிறம், பட்டை பட்டையாகப் படிக்கட்டு கட்டி நின்றது.

"இந்தக் கோடெல்லாம் முன்னாடி இல்லியே அண்ணா?"

காரணம் தெரிந்தது. அந்த டிவியில் கேபிள் சொருகும் போர்ட்டில் 4:4:4-ம் பத்து பிட்டும் ஒன்றாக நுழையாது. கன்சோல் தானாகவே எட்டு பிட்டுக்கு இறங்கிவிட்டது. ஒரு நிறத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் படிகள் இருந்த இடத்தில் இருநூற்றைம்பத்தாறு. சரியென்று, இரண்டு புள்ளிக்கு ஒரு கலர் அனுப்பும் 4:2:2, பன்னிரண்டு பிட்டுக்கு மாற்றினேன். பட்டை போயிற்று. "பாத்தீங்களா!" என்று வாயெடுத்தேன், திரை கறுத்தது. இரண்டு நொடியில் வந்தது. மறுபடி கறுத்தது.

"அவருக்கு ஒரு போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம் மேடம்! நான் பாக்கேன்லா."

குரல் உயர்ந்துவிட்டது. அவள் சோபாவில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.  கன்சோலை டிவி பக்கத்தில் தூக்கிவந்து, என் பையில் இருந்த சின்னக் கேபிளால் நேராகச் சொருகினேன். பத்து நிமிடம் ஒரு இமைப்பும் இல்லை. ஆக, குற்றம் சுவருக்குள் ஓடும் பன்னிரண்டு மீட்டர் கேபிள். எட்டு பிட் 4:4:4, பன்னிரண்டு பிட் 4:2:2, இரண்டுமே அதன் தலையில் ஒரே பாரத்தைத்தான் ஏற்றும். அவ்வளவு தூரத்துக்கு அது தாங்கவில்லை; 4:4:4-லேயே விட்டிருந்தாலும் சற்று நேரத்தில் கறுத்திருக்கும். சுவரை உடைக்காமல் அதை மாற்றவும் முடியாது.

4:2:0, பத்து பிட் என்றால் பாரம் பாதிக்குச் சற்று மேல்தான். படிகள் குறையாததால் பட்டையும் விழாது. நீலத்தின்மேல் சின்னச் சிவப்பு எழுத்து கொஞ்சம் மங்கும்; அதையும் மூக்கைத் திரையில் ஒட்டினால்தான் பார்க்கலாம். படுபாவி, அத்தனையையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்!

கன்சோலைப் பழைய இடத்தில் வைத்து, பழைய கேபிளைச் சொருகி, அவன் வைத்ததையே வைத்தேன். வானம் வழவழவென்று இறங்கியது. அரைமணி நேரம் அவள் விளையாடினாள். ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

"பக்கா!" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்போது அவள் செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். கணினியில் வேலை செய்கிறவள், எண்களைப் படிக்கத் தெரியாதா?

"அண்ணா, இது அவர் வச்சிருந்ததேதானே?"

கேபிள் பழுதாப்போச்சு, டிவி சரியில்லை என்று சொல்லத் தயாராக நாலைந்து பொய்கள் நாக்கில் வரிசையாக நின்றன. ஆறு ஸ்கிரீனும் கண்முன் நின்றது.

"ஆமா."

"அப்போ அவர் என்ன ஏமாத்தினார்?"

"ஒண்ணும் ஏமாத்தல மேடம். சரியாத்தான் வச்சிருக்கான். எனக்குத்தான் வயித்தெரிச்சல்."

 அவள் செல்போனை எடுத்து, என் எதிரிலேயே அவனை அழைத்தாள். "அண்ணா, எங்க ஆபீஸ்ல ஆறு ஸ்கிரீன் போடணும்" என்று ஆரம்பித்தாள்.