பாட்டிலில் இருந்தது காலைச் சிறுநீர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் நான் மலாக்கா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், டாக்டருக்கு அடுத்து ஊசி மருந்து பார்ப்பவன். காஜா பெராங்கில் இருந்த வீட்டிலிருந்து சைக்கிளில் போவேன்.

வார்டில் வாதம் வந்து பேச்சிழந்த நீரிழிவுக்காரர் ஒருவர் இருந்தார். மூக்குக் குழாய் வழியே மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலும் முட்டையும் கொடுப்போம். நீல மருந்தில் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைப்பேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் நிறைய. நிறத்துக்கு ஏற்ப இன்சுலின்.

அன்று மதியம் சிறுநீர்க் குழாய் வடியும் கட்டிலடிப் பாட்டிலிலிருந்து எடுத்தேன். செங்கல் நிறம். ஊசி போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அவர் மனைவி, "ஐயா, விசிறியைக் கொஞ்சம் போடுங்களேன், இவருக்கு வேர்க்குது" என்றார். வேலை இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். மறுபடியும் கூப்பிட்டார். கேட்காததுபோல் நடந்தேன்.

பிறகுதான் வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்தாள். காலையில் இருமலில் மூக்குக் குழாய் வெளியே வந்துவிட்டதாம். அதன்பின் பால் போகவே இல்லை. பாட்டிலில் இருந்தது காலையில் சேர்ந்த பழைய சிறுநீர். இப்போது சிறுநீர்க் குழாயிலிருந்து நேராகப் பிடித்த சொட்டுகளை அவள் கொதிக்கவைத்தாள். நீலம் நீலமாகவே நின்றது. வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டு, சர்க்கரை இறங்கித்தான் அவர் வேர்த்து, கண் செருகிக் கிடந்தார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன். சற்று நேரத்தில் வியர்வை அடங்கி, அவர் கண் திறந்தார்.

"காத்துப் பட்டதும் சரியாயிடுச்சு, பாத்தீங்களா" என்றார் மனைவி. யாரும் விசிறி போடவில்லை. அந்த அம்மாள்தான் முந்தானையால் வீசிக்கொண்டிருந்தார்.