அப்பாவும் உப்பில்லாச் சோறும்

அவளுக்கு எட்டு வயது. காலில் வந்த சிரங்கு ஆறி மூன்று வாரம் இருக்கும். ஒரு காலையில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடந்தது.

"ராத்திரியோட ராத்திரியா பூசணிக்காய் ஆயிட்டியே" என்று சிரித்தார், பஸ் ஓட்டும் அப்பா.

குளியலறையிலிருந்து அவள், "அப்பா, ஒண்ணுக்கு கோலா கலர்ல போகுது" என்றதும் அவருடைய சிரிப்பு நின்றது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு டாக்டரம்மா, "சிரங்குக் கிருமியோட உடம்பு போட்ட சண்டையில கிட்னி வீங்கியிருக்கு. பெரும்பாலான பிள்ளைங்களுக்குச் சரியாயிடும். உப்பு வேண்டாம், தண்ணியும் அளவாத்தான்" என்றார். சில நாள் வார்டில் வைத்து, நீர் பிரிய மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் உப்பில்லாத சோற்றைப் பார்த்து அவள் அழுதாள். அப்பா தனக்கும் அதையே போடச் சொன்னார்.

"உங்களுக்கென்ன கேடு?" என்றாள் அம்மா.

"அவ இப்படிச் சாப்பிடுறப்ப எனக்கு மட்டும் ருசியா இறங்குமா?"

முதல் கவளத்திலேயே அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

வீக்கம் வற்றியது, சிறுநீர் தெளிந்தது. அப்பா போய்ப் பல வருடமாகிறது. அந்த நோயை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வலி நினைவுக்கு வருவதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, முகம் சுளித்தபடி போட்டி போட்டுச் சாப்பிட்ட அந்த மத்தியானங்கள்தான் வருகின்றன.