பொரியிடும் காட்சியில் ஒரு லோகோ

திருப்பதியில் நானும் என் நண்பனும் சேர்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்தோம். கடைக்கு லோகோ செய்தவன் அவன்தான். ஒரு தீபம் எரியும். அதன் பக்கத்தில் கடைப் பெயர் அவன் கைப்பட எழுதிய கருஞ்சிவப்பு எழுத்துகளில் தானாக எழுதிக்கொண்டு ஓடும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்கள் எல்லாம் கறுப்புத் திரையில்தான் தொடங்கும். லோகோவும் அந்தக் கறுப்பின் மேலேயே வந்து போனது. வேறு எதன் மேலும் அதைப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

குவைத் விசா வந்ததும் அவன் கிளம்பினான். எனக்கு இடம் வேண்டுமே என்று கம்ப்யூட்டரில் இருந்த தன் வேலைகளை எல்லாம் அழித்துவிட்டு, லோகோவை மட்டும் ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வைத்தான். "எதுமேல வேணா போட்டுக்கடா" என்றான். அந்த நல்ல மனசுதான் எங்களைக் கவிழ்த்தது.

புத்தூரில், அவன் பாப்பா என்று கூப்பிடும் தங்கைக்குக் கல்யாணம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கினி முன்னால் தங்கை கையில் அண்ணன் பொரி அள்ளிப் போட வேண்டும். பெரியப்பா மகன் நின்று போட்டான். பிறகு அவள் கடைக்கு வந்தாள்.

"பொரி போட்ற எடத்துல அண்ணன் பண்ண லோகோ வரணும்ணா. அவரு எழுத்தாவது பக்கத்துல இருக்கட்டும்."

போட்டேன். தீபமும் எழுத்தும் கறுப்புத் திரையோடு வந்து, அவளையும் அக்கினியையும் மொத்தமாக மறைத்துவிட்டன. குவைத்துக்குப் போன் போட்டேன்.

"ஃபைல் விவரத்துல கலருன்ற எடத்துல மில்லியன்ஸ்னு மட்டும் கீதா, பக்கத்துல பிளஸ் குறியும் கீதா?"

"பிளஸ் இல்லடா."

"அப்ப ஆர்ஜிபி கலர் மட்டும்தான் குடுத்துக்கீறேன். ஆல்பாவும் சேத்துக் குடுத்திருக்கணும். கறுப்புலயே பாத்துக்கினு இருந்துட்டோம்டா" என்றான். எங்கே தெரிய வேண்டும், எங்கே கண்ணாடியாக விட வேண்டும் என்று சொல்வது அந்த ஆல்பாதான். அதில்லாமல் காலி இடமெல்லாம் கறுப்பாகவே பதிந்திருந்தது. திரும்ப எடுக்க மூல வேலையும் இல்லை.

கறுப்பை நீக்கி வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஸ்கிரீன் மோடு போட்டேன். கறுப்பு போய் தீபம் அழகாக நின்றது. ஆனால் பந்தல் வெளிச்சத்தில் கருஞ்சிவப்பு எழுத்தும் கூடவே கரைந்தது. எழுத்தைத் தனியாக வெட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கறுப்பு அழுக்காக ஒட்டிக்கொண்டது. புருஷனோடு பெங்களூர் கிளம்ப அவள் அவசரப்பட்டாள். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் எழுத்தில் கடைப் பெயரை அடித்து வைத்தேன்.

அவள் அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"தீபம் நல்லா கீதுணா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் கேட்டா அவரு எழுத்துதான் வந்துச்சின்னு சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் அவனே போன் செய்து கேட்டான். வந்தது என்றேன்.

"பாப்பா பாத்துதா?"

"பாத்துதுடா. ரெண்டு தபா பாத்துது."