சராசரிக் கோடு

ஒல்லி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். அவன் ஒல்லியாக இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை. வெளிநாட்டில் படிக்க வந்த முதல் வருடத்திலேயே மலிவு நூடுல்ஸும் சமோசாவும் அவனைத் தொண்ணூற்றாறு கிலோவுக்குக் கொண்டுபோய்விட்டன. சட்டைப் பொத்தான்கள் அழுதன, அவன் கவலைப்படவில்லை.

கவலை ஊரிலிருந்த அக்காவின் சிறுநீரகம் கெட்டபோதுதான் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தப்பிரிவும் மற்ற பொருத்தமும் ஒத்துப்போனது இவனுக்கு மட்டும். "நான் தர்றேன்க்கா"ன்னு மார்தட்டிச் சொல்லிவிட்டான். எடை எண்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் இவனிடமிருந்து எடுப்போம் என்று மருத்துவர் கறாராகச் சொன்னார்.

உடனே எடைபார்க்கும் கருவி வாங்கினான். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல், தினமும் அதே அரைக்கால் சட்டையுடன் ஏறி நிற்பான். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது. அடடா, இவ்வளவு சுலபமா என்று துள்ளினான். சோற்றைக் குறைத்ததும் உடம்பிலிருந்த தண்ணீர்தான் வெளியேறியது என்பது பாவம், அவனுக்குத் தெரியாது. அப்புறம் எடை கண்ணாமூச்சி ஆடியது. முந்தைய நாள் உப்பாகச் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடும். ஓரிரு நாளில் தானே இறங்கும். அவனுக்கோ ஏறிய நாளெல்லாம் எரிச்சல்.

அதனால் ஒரு வேலை செய்தான். அந்த வாரத்தின் மிகக் குறைந்த எண்ணை மட்டும் அக்காவுக்கு அனுப்பினான். முதலில் அது ஒரு சின்ன சமாளிப்புதான். பிறகு அந்த ஒரு நாளுக்காக முதல்நாள் ராச்சாப்பாட்டைத் தவிர்த்தான். அடுத்து தண்ணீரையும் நிறுத்தினான். கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் நீராவி அறையில் உட்கார்ந்து வியர்வையாகவும் எடையைக் கரைத்தான். ஒவ்வொரு வாரமும் எண் கொஞ்சம் இறங்கியது. அக்கா, "சபாஷ்டா"ன்னு பதில் போடுவாள்.

அவன் படித்தது புள்ளியியல். வகுப்பில், சொந்த வாழ்க்கையில் நாள்தோறும் மாறும் ஏதாவது ஓர் அளவை வரைபடமாக வரைந்து வாருங்கள் என்றார் பேராசிரியை. கருவி கைபேசியில் சேமித்துவைத்த எடைகளைச் சோம்பேறித்தனமாக எடுத்துப் போட்டான். புள்ளிகள் மேலும் கீழுமாகத் தெறித்தன. ஏழு நாள் சராசரியைக் கணக்கிட்டான். தினமும் பழைய நாள் ஒன்று கழன்று புதிய நாள் ஒன்று சேரும் சராசரி அது. உப்பும் தண்ணீரும் பட்டினியும் போட்ட கூத்தெல்லாம் அதில் அடங்கிப்போய், கோடு மட்டும் மிஞ்சியது.

கோடு முதல் வாரத்தில் இறங்கி, அதன்பின் தரையில் படுத்திருந்தது. தொண்ணூற்று மூன்றரை. மாதக்கணக்கில் அதே தொண்ணூற்று மூன்றரை. பட்டினி கிடந்த மறுநாளே இரண்டு மடங்காகத் தின்று ஈடுகட்டியிருந்தான்.

கொடுக்க உண்மையிலேயே மனசு இருந்திருந்தால் எடை இறங்கியிருக்காதா? அறுவை சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே பயம் என்பதை அவன் யாரிடமும், தன்னிடம்கூட, சொன்னதில்லை. கோடு சொல்லிவிட்டது. தன்னை நம்பிய அக்கா, இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர்கூடக் கொடுக்காமல் இருக்கிறாளே என்று நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டான். எடையில் செய்த தில்லுமுல்லு எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் கொட்டினான். பட்டியலில் உடனே பதிந்துவிடச் சொன்னான்.

"போன மாசமே பதிஞ்சுட்டேன்டா," என்றாள் அக்கா.

அவனுக்குப் புரியவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"டயாலிசிஸுக்காக நானும் தினமும் எடை மெஷின் மேல ஏறி நிக்கிறவதானே. ஒரு நாள் தண்ணி ஜாஸ்தி குடிச்சாலே மறுநாள் காட்டிக்கொடுத்துடும். உன் எடை ஒரு தடவைகூட ஏறவே இல்ல. ஏறாம இறங்குற எடையை நான் பார்த்ததே இல்லடா."

"அப்பவே கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா நீ மறுபடியும் தர்றேன்னு சொல்லுவே. நானும் மறுபடியும் நம்புவேன்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைக் கொன்றது. "உனக்குப் பயம்னு தெரிஞ்சிருந்தா, ஆரம்பத்துலயே பதிஞ்சிருப்பேன்டா. உன்னை நம்பினதுல வரிசையில மூணு மாசம் பின்னால நிக்கிறேன்."

மறுநாள் காலையில் ஏறி நின்றான். முந்தின நாளைவிட எழுநூறு கிராம் கூட இருந்தது. அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினான். கூடவே, முதன்முறையாக, பயமா இருக்குக்கா, ஆனா சராசரி இறங்கும்வரை தினமும் அனுப்பறேன் என்றும் எழுதினான்.

சபாஷ் வரவில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் பதில் வந்தது.